காசிக்குப் போகிறவர்களுக்கு இந்தி: தமிழில் உச்சரிப்பு வரி எழுதுவது எப்படி?

கேள்வி: அப்பாவும் அம்மாவும் ஒரு குழுவோடு காசிக்குப் போகிறார்கள். தமிழ் மட்டும்தான் படிப்பார்கள். தேவையான வாக்கியங்களை இந்தியில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதலாம் என்றால், வண்டிக்கு 'காடி' என்று எழுதினால் எப்படிப் படிப்பார்கள் என்றே புரியவில்லை. எப்படி எழுதுவது?

பதில்:

இந்தி எழுத்தைப் பார்த்து எழுதாமல், உங்கள் அம்மா அந்தத் தமிழ் வரியை வாய்விட்டுப் படித்தால் என்ன ஒலி வரும் என்று பார்த்து எழுதுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். காசிக்கும் கயாவுக்கும் போன உறவினர்களுக்கு இப்படி அட்டைகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தியில் க வரிசைக்கு நான்கு எழுத்து, நமக்கு ஒன்றுதான். ஆனால் நாம் அந்த ஒன்றை ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் வன்மையாக ஒலிக்கிறோம் (கல், கடல்). இரட்டித்தாலும் வன்மைதான் (பக்கம்). மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை (சங்கம்). நடுவில் தனியாக வந்தால் இன்னும் குழைந்துவிடும் (மகன், அகல்). ட, த, ப மூன்றும் பெரும்பாலும் இதே வழிதான். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, அம்மாவும் யோசிக்க மாட்டார். அதனால் இந்தப் பழக்கத்தோடு சண்டை போடாமல், அது எங்கே நமக்கு உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டோக்காரரிடம் "தம்பி, அஸ்ஸி படித்துறைக்குப் போகணும், எவ்வளவு வாங்குவீங்க?" என்று கேட்க வேண்டும். இந்தியை இந்தி எழுத்தில் இருந்து அப்படியே மாற்றினால் கிடைப்பது இது:

பையா, அஸ்ஸீ காட ஜானா ஹை, கிதனா லேங்கே?

இதில் 'கிதனா'வைப் பாருங்கள். இந்தி எழுத்தில் அது கி, த, னா என்று மூன்று எழுத்துதான். ஆனால் பேச்சில் நடுவில் இருக்கும் த-வின் அகரம் விழுந்து 'த்' ஆகிவிடும். 'காட' என்பதன் கடைசி அகரமும் அப்படியே விழும். எழுத்தை மட்டும் மாற்றித் தரும் மென்பொருள்கள் இந்த அகரங்களை விட்டு வைத்துவிடும். போதாததற்கு, நடுவில் தனியாக நிற்கும் த-வை அம்மா 'பதம்' என்பதில் வருகிற மாதிரி மென்மையாகப் படிப்பார். இரண்டும் சேர்ந்தால் கேட்பவருக்கு அது வேறு ஏதோ சொல். 'கித்னா' என்று எழுதினால் இரண்டு கோளாறும் போய்விடும். ரத்னா என்று படித்துப் பழகிய வாய் த்-ஐ வன்மையாகவே சொல்லும். சரியான வரி இது:

பை³யா, அஸ்ஸீ கா³ட் ஜானா ஹே
கித்னா லேங்கே?

'லேங்கே'யில் எந்தக் குறியும் போடவில்லை, கவனித்தீர்களா? ங்-க்குப் பிறகு வரும் க-வை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுகிறோம், இந்திக்கும் அதுதான் வேண்டும். இப்படிப் பழக்கமே வேலையைச் செய்யும் இடங்களில் குறி போட்டால் கண்ணுக்குத்தான் தொந்தரவு.

பழக்கம் கெடுக்கும் முக்கியமான இடம், சொல்லின் தொடக்கத்தில் மென்மையான ஒலி வருவது. நீங்கள் கேட்ட 'காடி' அதுதான். வெறுமனே எழுதினால் அம்மா 'காடு' மாதிரி ஆரம்பிப்பார். தமிழில் அச்சான ஸ்லோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு இதைக் காட்டுவார்கள். 3 என்பது கங்கையின் முதல் எழுத்தில் நாம் சொல்கிற மென்மையான ஒலி. 2-உம் 4-உம் மூச்சோடு வரும் ஒலிகள். நான் 3 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவேன். மேலே உள்ள பை³யா, கா³ட் இரண்டும் இந்தியில் உண்மையில் மூச்சோடு வரும் நான்காம் எழுத்துகள். ஆனால் மூச்சு இல்லாமல் மென்மையாகச் சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும், வன்மையாகச் சொன்னால்தான் தடுமாறுவார். முதல்முறை படிப்பவரிடம் மூன்று வகைக் குறியைக் கொடுத்தால் அவர் மூன்றையுமே கண்டுகொள்ள மாட்டார்.

அம்மா ஸ்லோகப் புத்தகம் படிப்பவர் இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் அந்த எழுத்துக்கு அடிக்கோடு போடுங்கள். கையால் எழுதும் அட்டைக்கு அதுவே மேல், சின்ன எண் கண்ணாடி போட்டாலும் சிலருக்குத் தெரியாது. தட்டச்சு செய்வதாக இருந்தால் எண்ணை முழு எழுத்துக்கும் பிறகு போடுங்கள். 'க' தட்டி, ³ போட்டு, அதன் பிறகு துணைக்கால் போட்டால், கால் ஒட்டாமல் ஒரு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும்.

குறியே வேண்டாத சொற்களும் உண்டு. பஸ், டாக்டர், பந்த், கரம் மசாலா எல்லாம் நாம் ஏற்கெனவே சரியாகச் சொல்கிறவை. வெந்நீர் கேட்க 'கரம் பானி ச்சாஹியே' என்று எழுதி, ஓரத்தில் 'கரம் மசாலாவில் வரும் கரம்' என்று ஒரு குறிப்பு போட்டால் குறியை விட அது நன்றாக நிற்கும். கழிப்பறைக்கு 'பாத்ரூம் கஹான் ஹே?' போதும். தூய இந்திச் சொல் தேடிப் போக வேண்டியதில்லை.

'ச்சாஹியே'க்கு ஏன் முன்னால் ஒரு ச் என்றால், வெறும் 'சாஹியே'வை நம்மில் பலர் 'சாப்பாடு' போலத்தான் ஆரம்பிப்போம். டீ கேட்கும் 'ச்சாய்'க்கும் இதுவே. அதேபோல் சொல்லின் நடுவில் வன்மை வேண்டுமென்றால் இரட்டித்துவிடுங்கள். வண்டியை நிறுத்தச் சொல்ல 'ருக்கியே'. 'ருகியே' என்று எழுதினால் நடு எழுத்து குழைந்து அடையாளம் தெரியாமல் போகும். இந்தியில் இரட்டிக்காத சொல்லையும் நாம் இரட்டித்து எழுதுகிறோம், அதனால் ஒற்றை ஒலிக்கும் இரட்டை ஒலிக்கும் உள்ள வித்தியாசம் அழிந்துபோகும் என்பது உண்மைதான். கேட்பவர் இடத்தையும் பேச்சையும் வைத்துப் புரிந்துகொள்வார், நான் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

சுலபமாக வாசிக்கட்டும் என்று பலர் அசைகளுக்கு நடுவே கோடு போடுவார்கள்: ரு-கி-யே, லேங்-கே. அதைச் செய்யவே செய்யாதீர்கள். கோட்டுக்குப் பிறகு வரும் எழுத்தைக் கண் புதுச் சொல்லின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும், உடனே வன்மையாகிவிடும். தானாகச் சரியாக வந்துகொண்டிருந்த 'லேங்கே'யும் கெட்டுப்போகும். சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு, மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள்.

'கஹான்' போன்ற சொற்களின் கடைசியில் இந்தியில் முழு ன் கிடையாது, மூக்கொலிதான். இதற்குக் குறி தேட வேண்டாம். 'வந்தான்', 'போனான்' என்று நாம் பேச்சில் சொல்லும்போது கடைசி ன் மூக்கோடு கரைகிறதே, அதேதான். 'வந்தான் மாதிரி முடிக்கணும்' என்று அம்மாவிடம் ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள். ட-வும் அப்படி நமக்கு அனுகூலம். 'காடி'யின் நடுவில் வரும் ஒலி நம்முடைய 'பாடு' என்பதில் வரும் ட-வுக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. அதோடு த வேறு ட வேறு, குறில் வேறு நெடில் வேறு என்று தமிழில் தெளிவாக எழுத முடிகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் இந்த இரண்டும் குழம்பும்.

வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டுக்கும் இந்தியில் 'தா³யேன்', 'பா³யேன்' என்று முதல் ஒலி மட்டும் மாறும் ஜோடி ஒன்று உண்டு. தெருச் சத்தத்தில் அது காதில் பிரியாது. வலப்பக்கத்துக்கு 'தா³ஹினே' என்ற சொல்லைப் போடுங்கள், ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபடும். எங்கெல்லாம் இரண்டு சொல் கிடைக்கிறதோ அங்கெல்லாம், அம்மா கொஞ்சம் பிசகினாலும் வேறு பொருள் தராத சொல்லை எடுப்பதுதான் என் வழக்கம்.

அட்டையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரி வையுங்கள். மேலே தமிழில் பொருள். நடுவில் உச்சரிப்பு, பெரிய எழுத்தில். கடைசியில் இந்தி எழுத்தில் அதே வாக்கியம். சொல்லிப் புரியவில்லை என்றால் அட்டையைத் திருப்பிக் காட்டுவதற்குத்தான் அந்த மூன்றாவது வரி, அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கேள்விக்கு வரும் பதில். இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். 'கித்னா லேங்கே' என்று அம்மா அழகாகக் கேட்டால், அவருக்கு இந்தி தெரியும் என்று நினைத்து ஆட்டோக்காரர் வேகமாகப் பதில் சொல்வார். ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம் செய்திருந்தாலும் அங்கே உதவாது. 150 ரூபாயை 'டே³ட் ஸோ' என்பார்கள், 250-ஐ 'டா³யி ஸோ' என்பார்கள். 'ஸோ' என்ற நூறு மட்டும்தான் அதில் கேட்கும், ஒன்று, இரண்டு, ஐம்பது என்ற சொற்கள் எதுவுமே காதில் விழாது. 25 'பச்சீஸ்', 50 'பச்சாஸ்', இவையும் எளிதில் குழம்பும். அதனால் விலை கேட்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே 'லிக் தீ³ஜியே' (எழுதிக் கொடுங்கள்) என்பதைச் சேர்த்துவிடுங்கள். சின்னக் குறிப்பேடும் பேனாவும் பையில் இருக்கட்டும். எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எழுதி முடித்ததும் நீங்களே படித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்களுக்கு இந்தி தெரிந்திருப்பதால் எப்படி எழுதியிருந்தாலும் சரியாகவே படிப்பீர்கள். அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள், இந்தி பேசும் நண்பர் ஒருவரை, அட்டையைக் காட்டாமல், போனில் கேட்கச் சொல்லுங்கள். அவர் கேட்டதன் பொருளைத் திருப்பிச் சொல்லட்டும். எந்த வாக்கியத்தில் அவர் "என்ன?" என்கிறாரோ அதில் முதலில் பார்க்க வேண்டியது சொல்லின் தொடக்க எழுத்து, அடுத்து நடுவில் தனியாக நிற்கும் க, ச, ட, த, ப. அம்மாவின் உச்சரிப்பைத் திருத்தப் போகாதீர்கள், வரியை மாற்றி எழுதி மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் தனியாக இதைச் செய்யுங்கள். அம்மா சரியாகப் படித்த வரியை அவர் வேறு மாதிரி படிக்கலாம், அப்படியானால் அவருக்கென்று ஒரு தனி அட்டை எழுதிவிடுவதே நல்லது.