பீம், பில்லர் சந்திப்பில் ரிங் ஏன் நெருக்கமாக வேண்டும்?

பில்லர் பக்கம் பீம் ரிங்கை நெருக்கிப் போட்டு, கொக்கியை உள்ளே மடக்கச் சொல்கிறார் இன்ஜினியர். மேஸ்திரி வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

இன்ஜினியர் சொல்வதே சரி. நிலநடுக்கத்தில் கட்டடம் இருபுறமும் ஆடும்போது பீமின் முனையில்தான் வளைவு அதிகம். முதலில் வெளிக்கவர் கான்கிரீட் உதிரும். ரிங் முனையை 90 டிகிரியில் மடக்கியிருந்தால், அதைப் பிடித்திருந்ததே அந்தக் கவர்தான். அது போனதும் ரிங் திறந்துகொள்ளும், நீளக் கம்பி வெளியே பிதுங்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடங்களில் இந்தக் குறை பரவலாகத் தெரிந்தது.

அதனால் நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி IS 13920, கொக்கியை 135 டிகிரி மடக்கி உள் கான்கிரீட்டுக்குள் விடச் சொல்கிறது. மடக்கியபின் நீளும் வால், ரிங் கம்பியின் விட்டத்தைப்போல் 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. 8 மி.மீ ரிங்குக்கு 6 மடங்கு 48தான் வரும், ஆகவே 65 வைக்க வேண்டும்.

400 மி.மீ உயரமுள்ள பீமில், மேலிருந்து அடிக்கம்பியின் மையம்வரை ஆழம் சுமார் 360. பில்லர் முகத்திலிருந்து அதன் இரு மடங்கு, அதாவது 720 மி.மீ வரை, 90 மி.மீக்கு ஒரு ரிங். முதல் ரிங் முகத்திலிருந்து 50 மி.மீக்குள். நடுப்பகுதியில் 180 போதும்.

அப்புறம், பலர் விடுவது சந்திப்புக்குள் வரும் பில்லர் ரிங்குகளை. பீம் கம்பி இறங்கியபின் அவற்றை நுழைக்க முடியாது. முன்கூட்டியே பில்லரில் கோத்து வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் நீங்களே எட்டிப் பார்த்து எண்ணிவிடுங்கள்.