வாங்கிய நிறுவனத்தின் பெயரை என்ன செய்வது?

கேள்வி: "நாங்கள் வாட்டர் ஃபில்டர் தயாரிக்கிறோம். போட்டியாக இருந்த சிறிய நிறுவனம் ஒன்றை வாங்கிவிட்டோம். இரண்டு பெயரையும் கலந்து ஒரு புதுப் பெயர் வைக்கச் சொல்கிறார் பிராண்டிங் ஆலோசகர். அவர் சொல்வதைக் கேட்கலாமா?"

பதில்: வேண்டாம். புதுப் பெயர் வைத்தால் லோகோ, பெட்டி, விளம்பரம் என்று அவருக்கு வேலை கிடைக்கும். உங்களுக்கோ இருக்கிற இரண்டு அறிமுகமும் போய்விடும். பலர் இதில் பணத்தைக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வாங்கிய நிறுவனத்தின் கடைசி 2 ஆண்டு பில்களை எடுங்கள். புது ஃபில்டர் வாங்கியவர்களையும், மாற்று கார்ட்ரிட்ஜ் வாங்கியவர்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். 100 பில்லில் 70 கார்ட்ரிட்ஜுக்கு என்றால், சுவரில் மாட்டிய ஃபில்டரில் உள்ள அந்தப் பெயரைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். அதை எடுத்துவிட்டால், கம்பெனி மூடிவிட்டது என்று நினைத்து வேறு கார்ட்ரிட்ஜ் வாங்குவார்கள். பெரும்பாலும் டீலர் சொல்லித்தான் வாங்கினார்கள் என்றால் அந்தப் பெயருக்கு அவ்வளவு பலமில்லை. புதிய சரக்கில் உங்கள் பெயரையே போடலாம்.

பெயர் பலமானது, ஆனாலும் ஒரே பெயர்தான் வேண்டும் என்றால், நடுவில் ஒரு காலம் இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். யுபிஎஸ் வங்கி 2000-இல் பெயின்வெபர் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தை வாங்கியது. சில காலம் 'யுபிஎஸ் பெயின்வெபர்' என்று நடத்திவிட்டு, 2003-இல்தான் பழைய பெயரை எடுத்தது. உங்கள் கார்ட்ரிட்ஜை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்றால், குறைந்தது இரண்டு மாற்றமாவது அவர்கள் கண்ணில் இரு பெயரும் சேர்ந்து படவேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய பெயரைச் சரக்கிலிருந்து எடுத்துவிட்டாலும், டிரேட்மார்க் பதிவு கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பயன்படுத்தாத பெயர்மீது உரிமை நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்பாடு இல்லாவிட்டால் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம். அமெரிக்காவில் 3 ஆண்டுகள் ஆனாலே கைவிட்டதாகக் கொள்ள இடமுண்டு. உங்கள் போட்டியாளர் அந்தப் பெயரில் கார்ட்ரிட்ஜ் விற்கத் தொடங்கினால் பழைய வாடிக்கையாளர் அங்கே போவார். கண்துடைப்புக்கு ஒன்றிரண்டு விற்றுக் காட்டினால் போதாது. பழைய ஃபில்டர்களுக்கான கார்ட்ரிட்ஜை மட்டுமாவது அந்தப் பெயரில் உண்மையாகவே விற்று, பில்களைத் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள்.

நிறுவனத்தை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் டிரேட்மார்க் பதிவேட்டில் பெயர் தானாக மாறிவிடாது. உரிமை மாற்றத்தைத் தனியாக விண்ணப்பித்துப் பதிய வேண்டும். நம் சொத்தை நம் பெயரில் எழுத ஏன் இத்தனை மாதம் இழுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதனால் இந்த வாரமே போடுங்கள். விண்ணப்பம் போட்டதும் 'உடனே கட்டணம் செலுத்துங்கள்' என்று அரசு அலுவலகத்தின் கடிதம்போலவே போலிக் கடிதங்கள் வரலாம். உங்கள் வழக்கறிஞர் பார்த்துச் சொல்லாமல் ஒரு காசும் கட்டாதீர்கள்.