அனிமேட்டிக் பார்த்தவர்கள் சொல்வதில் எதைத் திருத்துவது?

*குமுளியில் இருக்கிறேன். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பத்திலிருந்து ஜீப்பில் கிளம்பும் அம்மா மாத்திரையை மறந்துவிட, அதை எடுத்துக்கொண்டு மகள் துரத்தி ஓடுவதுதான் கதை. கோட்டு வரைபடங்களை நேரக் கணக்கோடு கோத்த மூன்றரை நிமிட அனிமேட்டிக்கை வாட்ஸ்அப்பில் பலருக்கும் அனுப்பினேன். ‘ஓட்டம் இழுக்குது, பாதியா வெட்டு’ என்கிறார்கள் நிறைய பேர். ‘அம்மா முகம் சரியில்லை’, ‘பாட்டு போடு’ என்கிறார்கள் சிலர். ஒருவர் மட்டும் ‘ஏலக்காய் அப்படிக் காய்க்காது’ என்றார். எதைக் கேட்பது? கோப்பை இணைத்திருக்கிறேன்.*

கோப்பைப் பார்த்தேன். மகள் ஓடும் காட்சியில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். எங்கே அலுத்தது என்பதைப் பார்ப்பவர் சரியாகவே சொல்வார். ஏன் அலுத்தது, எதை வெட்டலாம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். இடத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, காரணத்தை நீங்கள் தேட வேண்டும்.

உங்கள் படத்தில் காரணம் ஓட்டத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. ஜன்னல் திட்டில் மாத்திரை அட்டை கிடக்கும் ஷாட் 16 ஃபிரேம்தான் நிற்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் முக்கால் நொடிகூட இல்லை. கோட்டு வரைபடத்தில் அது ஒரு சின்னச் செவ்வகம். வரைந்த உங்களுக்கு அது மாத்திரை, முதல் தடவை பார்ப்பவருக்கு ஏதோ ஒரு பொருள். அதைத் தவறவிட்டவருக்கு மகள் எதற்காக ஓடுகிறாள் என்பதே தெரியாது. காரணம் தெரியாத ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இழுக்கத்தான் செய்யும்.

என் கணிப்பு சரியா என்று நீங்களே சோதிக்கலாம். இதுவரை பார்க்காத நாலைந்து பேரை, ஒவ்வொருவராக, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். கதையைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். கண் விலகும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்க வேண்டாம், அது உபசாரத்தில்தான் போய் முடியும். ‘என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க’ என்று மட்டும் கேளுங்கள். ‘அம்மா விட்டுட்டுப் போறாங்கன்னு பிள்ளை அழுதுக்கிட்டே ஓடுது’ என்று ஒருவர் சொன்னால் விடை கிடைத்துவிட்டது: மாத்திரை அவருக்குப் போய்ச் சேரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இது கிடைக்காது. ஒருவர் பஸ்ஸில் பார்த்திருப்பார், இன்னொருவர் பாதியில் போன் பேசியிருப்பார். குழுவில் முதலில் வந்த கருத்தை மற்றவர்கள் வழிமொழிவதும் உண்டு.

குமுளியில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ் தெரியாத மலையாளி ஒருவருக்கும் காட்டுங்கள். வசனம் புரியாமலே அவர் கதையைத் திருப்பிச் சொன்னால் படங்கள் தம் வேலையைச் செய்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். தொடக்கத்தில் அம்மா அதே அட்டையிலிருந்து மாத்திரை போடுவதைக் காட்டிவிட்டு, ஜன்னல் ஷாட்டை 48 ஃபிரேமுக்கு நீட்டுங்கள். ஓட்டத்தை அப்படியே வைத்துப் புது ஆட்களுக்குக் காட்டுங்கள். ஏற்கெனவே பார்த்தவருக்குக் கதை தெரியும், அவரை வைத்து இதைச் சோதிக்க முடியாது. அதற்காகவே பார்க்காத சிலரை எப்போதும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். இம்முறை யாருக்கும் இழுக்கவில்லை என்றால் ஓட்டத்தின் மேல் குற்றமில்லை.

அப்போதும் இழுத்தால் வெட்டலாம், ஆனால் கணக்குப் பார்த்து. அனிமேட்டிக்கில் அசையாத படத்தைக் கண் சட்டென்று வாசித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். அதே செயல் அசைவாக மாறும்போது கூடுதல் நேரம் கேட்கும். மகள் திண்ணையிலிருந்து குதித்துத் திரும்பி ஓடுவதை நீங்களே நடித்து, ஸ்டாப்வாட்சில் பாருங்கள். அந்த நேரத்துக்குக் கீழே ஷாட்டைக் குறைத்தால் பிறகு அனிமேட் செய்யும்போது திணறுவீர்கள்.

இனி அந்த ஒற்றைக் குரல். எத்தனை பேர் சொன்னார்கள் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் அவர் சொன்னது ரசனை அல்ல, தகவல். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரைக்குப் பக்கத்தில் காய்க்கும். உங்கள் படத்தில் அம்மா நின்றபடி கையை உயர்த்திப் பறிக்கிறார். தோட்டத்தில் குனிந்தோ குத்தவைத்தோதான் பறிப்பார்கள். இதை இப்போதே மாற்றிவிடுங்கள். நிற்கும் அம்மா உட்கார்ந்தால் கேமரா கோணமும் இறங்கும், மகள் அவரைக் கண்டுபிடிக்கும் கடைசி ஷாட்டும் மாறும். இன்றைக்கு நாலைந்து கோட்டு வரைபடங்களோடு போகும், அனிமேட் செய்த பிறகு என்றால் பல நாள் வேலை. எனக்கு இந்த மாற்றம் கதைக்கே நல்லது என்று படுகிறது: செடிகளுக்குள் குனிந்திருக்கும் அம்மாவை மகள் தேட வேண்டியிருக்கும்.

முகத்தைப் பற்றிய குறிப்பைப் பாத்திர வடிவமைப்புக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள். பாட்டு வேண்டும் என்றவர்களிடம் எந்த இடத்தில் என்று கேளுங்கள். ஓட்டத்தில் என்றால் அதுவும் மாத்திரைக் குறையாகவே இருக்கலாம், அதனால் திருத்திய பதிப்பைப் புதியவர்கள் பார்க்கும் வரை அதைத் தள்ளிவைக்கலாம்.