எந்த இடத்தில் நிறுத்துவது?

கொழும்பில் மொத்த விற்பனைக் கம்பெனி ஒன்றில் வேலை. மாத விற்பனை அறிக்கையைத் திருத்தித் திருத்தியே மற்ற வேலைகள் பிந்துகின்றன. எப்போது போதும் என்று விடுவது?

அதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். பாதியில் யோசித்தால் பயம்தான் முடிவெடுக்கும்.

அறிக்கையை வைத்து முகாமையாளர் என்ன செய்வார் என்று முதலில் கேளுங்கள். புறக்கோட்டைக் கடைகளுக்கு அடுத்த மாதம் எவ்வளவு சரக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கத்தான் என்றால், மூன்று விஷயம் போதும். மொத்தத் தொகை கணக்குப் பிரிவின் தொகையோடு ஒத்துப்போக வேண்டும். எந்தக் கடையும் விடுபடக் கூடாது. விற்பனை திடீரென்று ஏறிய, இறங்கிய கடைகளுக்கு ஒரு வரியில் காரணம் வேண்டும்.

மூன்றும் சரி என்றால் அனுப்பிவிடுங்கள். அப்புறமும் வரைபடத்தின் நிறத்தை மாற்றக் கை துறுதுறுக்கும். அதனால் அனுப்பும் சரக்கின் அளவு மாறுமா? மாறாதென்றால் அடுத்த மாதத்துக்குக் குறித்துவையுங்கள். ஒரு கடையின் விற்பனை இரண்டு தடவை பதிவாகியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் திரும்பத் திறவுங்கள், அது சரக்கின் அளவையே மாற்றும்.

சம்பளப் பட்டியலுக்கு இந்த அளவுகோல் சரிவராது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம் என்று சட்டமே குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்த பிறகுதான் வேலை முடிந்த கணக்கு.