ஒரு மூலையைத் தூக்கினால் முகம் மடிகிறது

“சதுர முகத்தின் ஒரு மூலையை மேலே இழுத்தேன். பிளெண்டரில் ஒரு பக்கம் மடிப்பு, கேம் எஞ்சினில் எதிர்ப்பக்கம். நார்மல் தலைகீழா?”

இல்லை. நார்மல் என்பது முகம் நோக்கும் திசை. அது தலைகீழாகவில்லை, அதனால் அதைச் சரிசெய்யும் Shift+N இங்கே உதவாது. மூலைப் புள்ளிதான் வெர்டெக்ஸ். மூன்று வெர்டெக்ஸ் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும், நான்காவது விலகலாம். கிராஃபிக்ஸ் கார்டு எதையும் முக்கோணமாகத்தான் வரையும், அதனால் நான்கு மூலை கொண்ட உங்கள் குவாடுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுக்கு எட்ஜ் விழுகிறது. எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தானே முடிவு செய்கிறது.

1 மீட்டர் சதுரத்தில் ஒரு மூலையை 1 மீட்டர் தூக்கியதாக வையுங்கள். தூக்கிய மூலை வழியாகக் குறுக்கு போனால் முகத்தின் நடுப்புள்ளி 0.5 மீட்டர் உயரும். மற்ற இரு மூலைகளை இணைத்தால் அது தரையிலேயே இருக்கும். வடிவமே வேறு! நார்மல் என்பது முகம் நோக்கும் திசை. இரண்டு முக்கோணத்துக்கும் நார்மல் வேறுபடுவதால்தான் வெளிச்சம் அங்கே முறிகிறது.

எடிட் மோடில் வேண்டிய இரு எதிர் மூலைகளைத் தேர்ந்தெடுத்து J அழுத்துங்கள். குறுக்கு உங்கள் கையில் வந்துவிடும். ஆனால் எல்லா முகத்தையும் இப்படி வெட்டாதீர்கள். முகங்களின் வரிசையில் புதிய எட்ஜ் சேர்க்கும் லூப் கட் குவாடுகள் வழியாகத்தான் ஓடும், முக்கோணத்தில் நின்றுவிடும். வளைந்த இந்த முகத்துக்கு மட்டும் போதும்.