ஏர் பாக்ஸில் எண்ணெய்: பட்டறைக்காரரிடம் எதைக் கேட்கலாம்?

"சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறையில் என் காப்சாய் மோட்டார்சைக்கிளுக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றினேன். ரசீதில் எண்ணெய் 1 லிட்டர், கையேட்டில் 0.8 லிட்டர். மூன்று வாரத்தில் இழுவை குறைந்தது. ஏர் பாக்ஸில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. 'ரிங் போய்விட்டது, எஞ்சின் இறக்க 900 ரிங்கிட்' என்கிறார். ரசீதில் 'வேலைக்குப் பொறுப்பல்ல' என்று வேறு இருக்கிறது. வழக்குப் போடலாமா?"

போடலாம். ஆனால் முதலில் ஆதாரத்தை வெளியே ஊற்றிவிடாதீர்கள்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் ஏர் பாக்ஸுக்கு ஒரு பிரீதர் குழாய் போகிறது. எண்ணெய் அளவுக்கு மேல் இருந்தால் சுழலும் பாகங்கள் அதை நுரையாக அடிக்கும். வாயுவோடு எண்ணெயும் குழாயில் ஏறிவிடும். ஏர் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று ஃபில்டர் நனைந்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்து எரியும், பிளக் கறுக்கும், இழுவை போகும். தேய்ந்த ரிங்கும் இதையே செய்யும். அப்போது வாயு அதிகம் இறங்கி எண்ணெயைத் தள்ளும். உங்கள் வழக்கு இந்த இரண்டில் எது என்பதில்தான் நிற்கிறது.

ஆகவே வேறொரு பட்டறையில், படம் எடுத்தபடி, எண்ணெயை வடித்து அளக்கச் சொல்லுங்கள். ஏர் பாக்ஸில் தேங்கியதையும் அதோடு சேர்த்து அளக்க வேண்டும். அதுவும் அந்த எஞ்சினில் ஊற்றியதுதான். அப்புறம் கம்ப்ரஷன் பார்க்கட்டும். அழுத்தம் குறைவாக இருந்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டதும் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானம் மூன்று வாரத்தில் வந்ததல்ல. அதைப் பட்டறைக்காரர் தலையில் கட்ட நான் துணை வரமாட்டேன். அழுத்தம் சரியாக இருந்தால் 900 ரிங்கிட் வேலையே தேவையில்லை. புது ஃபில்டர், பிளக், எண்ணெய், ஏர் பாக்ஸையும் குழாயையும் கழுவும் கூலி, இவைதான் உங்கள் நஷ்டம்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 53, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. ரசீதில் அச்சிட்ட வாசகத்தால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. இருந்தாலும் அவருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலேயே எழுதி. மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறிடத்தில் சரிசெய்து செலவைக் கேட்கலாம்.

நீதிமன்றம் வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1ஐ நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் போதும்; மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. ரசீதையும் கையேட்டுப் பக்கத்தையும் அளந்த படத்தையும் நீங்களே கொண்டுபோக வேண்டியதுதான்.