மரமா, அலையா: ‘செவி’யை வைத்துச் சில கேள்விகள்

கேள்வி: தமிழிலும் தெலுங்கிலும் ‘செவி’. கன்னடத்தில் மட்டும் ‘கிவி’. அப்படியானால் தமிழும் தெலுங்கும் உடன்பிறப்பு, கன்னடம் தூரத்து உறவு என்று மரம் வரைந்துவிடலாமே?

பதில்: பாதி தூரம் சரியாக வந்திருக்கிறீர்கள். பழையதைக் காப்பாற்றி வைத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. சேர்ந்து மாறியதுதான் சான்று. இங்கே பழைய ஒலி ககரம். இ, எ ஆகிய உயிர்களுக்கு முன்னால் அது சகரமாக மாறியது. நம் ‘சிறு’ தெலுங்கில் ‘சிரு’, கன்னடத்தில் ‘கிரு’. நம் ‘சேரி’ கன்னடத்தில் ‘கேரி’.

ஆனால் மரம் வரையுமுன் கோண்டியைக் கேளுங்கள். தெலுங்குக்கு மிக நெருங்கிய கிளையில் வரும் அந்த மொழியில் காதுக்குப் பெயர் ‘கெவி’. தெலுங்கும் கோண்டியும் ஒன்றாக இருந்த காலத்தில் ககரம் மாறவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. தமிழும் கன்னடமும் ஒன்றாக இருந்தபோதும் அது மாறியிருக்க முடியாது. மாறியிருந்தால் ‘கிவி’ எங்கிருந்து வந்தது? இரண்டு வீடுகளிலும் பாகப்பிரிவினை முடிந்த பிறகுதான் இது நடந்திருக்கிறது.

தமிழையும் கன்னடத்தையும் ஒரே கிளையில் வைக்க வேறு காரணம் உண்டு. ‘அவள் வந்தாள்’ என்பது கன்னடத்தில் ‘அவளு பந்தளு’. தெலுங்கில் ‘ஆமெ வச்சிந்தி’. அங்கே பெண்ணுக்கும் பசுவுக்கும் வினைமுற்று ஒன்றே. பெண்பால் ஒருமைக்குத் தனி விகுதி என்பது நம் கிளை தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

கேள்வி: பிரிந்து போன பிறகு இரண்டு வீட்டிலும் ஒரே மாற்றம் எப்படி வரும்?

பதில்: மரத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கு ஜெர்மன் மொழியியலாளர் ஷ்லைஹர் மரம் வரைந்தார். அவருடைய மாணவரான யோஹானஸ் ஷ்மிட் 1872இல் அதில் கைவைத்தார். சிலாவிய மொழிகள் ஒரு மாற்றத்தில் ஈரானிய மொழிகளோடும் இன்னொன்றில் ஜெர்மானிய மொழிகளோடும் சேர்கின்றன. எந்தக் கிளையில் வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் குளத்தில் எறிந்த கல் எழுப்பும் அலையைப் போல ஓரிடத்திலிருந்து பரவி, எங்கோ ஓய்கிறது என்றார் அவர். ஒரு கல்லின் அலை எட்டும் எல்லையை இன்னொன்றும் எட்ட வேண்டும் என்பதில்லை.

நம் ககரத்தையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மாறியவை தமிழும் தெலுங்கும், கிழக்கே அடுத்தடுத்து இருப்பவை. மாறாதவை கன்னடம், துளு, குடகு, தோடா, கோத்தா. பிறகு மலையாளம்? அது மேற்கே இருந்தும் ‘செவி’ என்கிறது. தமிழோடு ஒன்றாக இருந்தபோதே மாறிவிட்டதால், பிரியும்போது கையோடு கொண்டுபோயிற்று. ஆக ஒரே சொல்லின் வரலாற்றில் தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவே அலை தேவைப்படலாம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே மரமே போதும்.

கேள்வி: என் மருமகள் கன்னடக்காரி. பாலை ‘ஹாலு’ என்கிறாள். எங்கள் வீட்டில் பேரனும் அப்படியே சொல்கிறான். இதுதானே அலை?

பதில்: பேரன் கற்றுக்கொண்டது ஒரு சொல்லை. அது கடன். அவன் ‘பத்து’, ‘பல்’ என்ற தமிழ்ச் சொற்களையும் ‘ஹத்து’, ‘ஹல்’ என்று சொல்ல ஆரம்பித்தால் என்னிடம் சொல்லுங்கள், அதுதான் அலை! சொல் சொந்தமாகவே இருக்கும், உச்சரிப்புப் பழக்கம் மட்டும் வெளியிலிருந்து வரும். கன்னடத்திலும் முன்பு ‘பால்’தான், பகரம் ஹகரமானது பின்னால் நடந்தது.

கேள்வி: தமிழில் கெடு, கிளி, கேள், கிணறு எல்லாம் ககரமாகவே நிற்கின்றனவே. தெலுங்கிலோ ‘செடு’, ‘சிலுக’. விதியே வேறு என்னும்போது ஒரே அலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? க சகரமாவது உலகெங்கும் தனித்தனியாக நடக்கிறதே, இத்தாலியனில் நடக்கவில்லையா?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். தமிழில் அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் மாற்றம் நின்றுவிடுகிறது. தெலுங்கில் அந்தத் தடை கிடையாது. தெலுங்கில் மாறாததாகத் தோன்றும் ‘க்ரிந்த’ (நம் ‘கீழ்’) கூட விதிவிலக்கு அல்ல: ககரத்துக்கும் இகரத்துக்கும் நடுவே ரகரம் முன்பே புகுந்துவிட்டது, எனவே மாற்றத்துக்கு ககரம் அகப்படவில்லை.

தெலுங்குப் பக்கம் முழு வேகத்தில் இருந்த அலை தமிழில் தளர்ந்துவிட்டது என்பது ஒரு விளக்கம். இரண்டும் தற்செயலாகத் தனித்தனியே நடந்தவை என்பது நீங்கள் சொல்வது. அடுத்தடுத்த நிலப்பரப்பில் இருப்பதால் எனக்கு முதலாவதின் மேல் சாய்வு உண்டு. ஆனால் அது சாய்வுதான், நிரூபணம் அல்ல. சங்கப் பாடல்களிலேயே ‘செவி’யும் ‘செய்’யும் வந்துவிடுகின்றன, மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்துத் தமிழ் எழுத்து நம் கையில் இல்லை. ‘சேரி’ மாறியிருக்க, அதே ரகரம் வரும் ‘கீரை’ ஏன் மாறவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். அது என்னையும் உறுத்துகிறது.